ஒரு பிரதிக்கு எவ்வளவு? சங்க இதழின் அச்சுக் கணக்கு

சங்கத்தின் செயற்குழுவில் இதழ்ச் செலவு என்று பேச்சு எழுந்தாலே இரண்டு யோசனைகள் தவறாமல் வரும். "ஆயிரத்துக்குப் பதில் இரண்டாயிரம் அடித்தால் பிரதி விலை இறங்கிவிடுமே" என்பார் ஒருவர். "பேப்பரைக் கொஞ்சம் மட்டமாகப் போட்டால் மிச்சமாகுமே" என்பார் இன்னொருவர். இரண்டும் பொய்யில்லை. ஆனால் எந்த எண்ணிக்கையில், எவ்வளவு மிச்சம் என்று யாரும் பென்சில் எடுத்துப் போட்டுப் பார்ப்பதில்லை. போட்டுப் பார்த்தால் இரண்டு யோசனைகளுமே பல சங்கங்களுக்குப் பொருந்தாமல் போகும்.

இங்கே ஒரு மாதிரிக் கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம். ஒரு ஊர் இலக்கியச் சங்கத்தின் காலாண்டிதழ் என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர்கள் 850 பேர். நூலகம், பரிமாற்ற இதழ்கள், எழுதியவர்கள் என்று இன்னும் 50 பிரதிகள் போகும். ஆக, தேவை 900. உள்ளே 48 பக்கம் கறுப்பு மை, மேலே நாலு வண்ண அட்டை, நடுவில் பின். விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் அச்சகத்தின் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். விலை மாறினாலும் கணக்கின் வழி மாறாது.

## வேன் வாடகை போல

பத்துப் பேர் சேர்ந்து வேன் எடுத்துக் கோயிலுக்குப் போகிறார்கள். வேன் வாடகை ஆறு பேர் வந்தாலும் பன்னிரண்டு பேர் வந்தாலும் ஒன்றுதான். சாப்பாடு மட்டும் தலைக்கு இவ்வளவு. ஆள் கூடக்கூட வாடகைப் பங்கு குறையும், சாப்பாட்டுச் செலவு குறையாது. வேனில் இடம் நிரம்பியபின் ஒரே ஒருவர் கூடுதலாக வந்தால் இரண்டாவது வண்டி பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் தலைக்கு ஆகும் செலவு சட்டென்று ஏறும்.

ஆஃப்செட் அச்சில் நடப்பது இதேதான். எத்தனை பிரதி அடித்தாலும் மாறாததை நிலைச் செலவு என்போம். பிரதிக்குப் பிரதி கூடுவது ஓட்டச் செலவு. இரண்டாவது வண்டி பிடிப்பதுபோல ஓர் எல்லையைத் தாண்டியதும் மொத்தமாக ஏறுவது படிச் செலவு. இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் மீதி எல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

## முதலில் தாளைப் புரிந்துகொள்ள வேண்டும்

அச்சகத்துக்குத் தாள் பெரிய அளவில் வரும். நம்மூரில் புத்தகம், இதழ் வேலைக்குப் பரவலாக ஓடுவது 23 × 36 அங்குலத் தாள். இரட்டை டெமி என்பார்கள். அதைப் பாதியாக வெட்டினால் 18 × 23. சிறிய அச்சகங்களின் எந்திரத்தில் ஏறுவது இந்த அளவுதான்.

18 × 23 தாளை நாலாக மடித்தால் ஒரு தாளிதழ் 9 × 11.5 அங்குலம் வரும். ஓரம் வெட்டியபின் 8.5 × 11. இதுவே டெமி 1/4 அளவு. ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் நாலு என ஒரு டெமித் தாளில் எட்டுப் பக்கம் விழும். இப்படி ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் கூட்டத்தை ஃபாரம் என்கிறோம். நம் 48 பக்கமும் ஆறு ஃபாரம். பெரிய தாளில் சொன்னால், ஒரு பிரதிக்கு 23 × 36 தாள் மூன்று.

ஏ4 அளவிலேயே வடிவமைத்துவிட்டு அச்சகத்துக்குப் போகிறவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். ஏ4 என்பது 8.27 × 11.69 அங்குலம். உயரத்தில் இரண்டை அடுக்கினால் 23.38 அங்குலம், 23 அங்குலத் தாளில் அது அடங்காது. 25 × 36 தாள் வாங்க வேண்டும். பரப்பில் அது ஏறத்தாழ 9 சதம் கூடுதல், அந்தக் கூடுதலில் பெரும்பகுதி வெட்டு ஓரமாகக் குப்பைக்குப் போகும். இல்லாவிட்டால் அச்சகக்காரர் பக்கத்தைச் சுருக்கி டெமியில் உட்கார வைப்பார். எழுத்து சிறுத்துவிட்டது என்று வாசகர் கேட்கும்போதுதான் சங்கத்துக்கு விஷயம் தெரியும். எந்திரத்தில் எந்த அளவு ஏறும் என்று கேட்டுவிட்டுப் பக்கத்தைத் திறப்பது நல்லது.

தாளின் விலை எடையில்தான் சொல்லப்படும், கிலோவுக்கு இவ்வளவு என்று. ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் ஜி.எஸ்.எம். 500 தாள் ஒரு ரீம். ரீமின் எடையைக் கண்டுபிடிக்க அச்சகங்களில் புழங்கும் வாய்ப்பாடு:

நீளம் × அகலம் (அங்குலத்தில்) × ஜி.எஸ்.எம். ÷ 3100 = ரீமின் எடை, கிலோவில்

உள்பக்கத்துக்கு 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ என்றால் 23 × 36 × 70 ÷ 3100 = 18.7 கிலோ. கிலோ 80 ரூபாய் என்றால் ரீம் 1,496 ரூபாய், ஒரு தாள் 3 ரூபாய். அட்டைக்கு 170 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பர் என்றால் ரீம் 45.4 கிலோ; கிலோ 100 ரூபாய் என்றால் ஒரு தாள் ஏறத்தாழ 9 ரூபாய், அதில் நாலு அட்டை.

சுருக்கமாக: ஒரு பிரதிக்கு உள்தாள் 9 ரூபாய், அட்டைத் தாள் இரண்டேகால் ரூபாய். கழிவு இன்னும் சேரவில்லை.

## எந்திரம் ஓடுவதற்கு முன்பே ஆகும் செலவு

ஒவ்வொரு ஃபாரத்துக்கும் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு பிளேட் வேண்டும். பிளேட் என்பது பக்கங்களின் உருவம் பதிந்த மெல்லிய அலுமினியத் தகடு. மை அதன்மேல் ஏறி, ரப்பர் பிளாங்கெட்டுக்கு மாறி, அங்கிருந்து தாளில் விழும். ஆறு ஃபாரத்துக்கு 12 பிளேட்.

அட்டைக்கு நாலு வண்ணத்துக்கு நாலு பிளேட். அட்டையின் வெளிப்பக்கம், உள்பக்கம் இரண்டையும் ஒரே பிளேட்டில் அருகருகே வைத்து, ஒருமுறை அடித்தபின் தாளைத் திருப்பி அதே பிளேட்டில் மறுபடி அடித்தால், தாளுக்கு இரண்டு முழு அட்டை கிடைக்கும். அச்சகத்தில் இதை ஒர்க் அண்ட் டர்ன் என்பார்கள். எட்டு பிளேட் போட்டுப் பில் வந்தால், ஏன் இந்த வழியில் போடவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கலாம். ஆக மொத்தம் 16 பிளேட், ஒன்று 250 ரூபாய் வீதம் 4,000.

பிளேட்டை மாட்டி, மையையும் தண்ணீரையும் சரிப்படுத்தி, பக்கம் நேராக விழும்வரை ஓட்டிப் பார்ப்பது மெஷின் செட்டிங். இதில் போகும் தாள்தான் கழிவு, அச்சகத்து வார்த்தையில் வேஸ்டேஜ். ஒரு வண்ண ஃபாரத்துக்கு 50 டெமித் தாள், நாலு வண்ண அட்டைக்கு 100 டெமித் தாள், அதற்கு மேல் ஓட்டத்திலும் மடிப்பிலும் கெடுவதற்கு 2 சதம் என்று வைத்துக்கொள்கிறேன். செட்டிங் கழிவு, 300 பிரதி அடித்தாலும் 3,000 பிரதி அடித்தாலும் அதே அளவுதான். அதனால் அதுவும் நிலைச் செலவுதான். இதைத் தாள் கணக்கில் சேர்த்துவிடுவதால் பலர் ஓட்டச் செலவு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அச்சுக் கூலியில் ஒரு பழக்கம் உண்டு. பெரும்பாலும் ஆயிரம் ஓட்டம்தான் குறைந்தபட்சம். 500 அடித்தாலும் ஆயிரத்துக்கான கூலியே. உள்பக்கத்துக்கு ஒரு பிளேட்டுக்கு முதல் ஆயிரம் 350 ரூபாய், அடுத்த ஒவ்வோர் ஆயிரமும் 200. அட்டைக்கு முதல் ஆயிரம் ஓட்டம் 2,500, அடுத்த ஆயிரம் 1,000. பக்க வடிவமைப்புக்கும் மெய்ப்புக்கும் சேர்த்து 6,000. மடிப்பு, பின், கட்டிங் பிரதிக்கு 3 ரூபாய்.

## மூன்று எண்ணிக்கைக்குக் கணக்கு

| செலவு (ரூ.) | 500 பிரதி | 1,000 பிரதி | 2,000 பிரதி |
|---|---|---|---|
| வடிவமைப்பு, மெய்ப்பு | 6,000 | 6,000 | 6,000 |
| பிளேட் | 4,000 | 4,000 | 4,000 |
| அச்சுக் கூலி | 6,700 | 6,700 | 10,100 |
| உள்தாள் | 5,040 | 9,630 | 18,810 |
| அட்டைத் தாள் | 1,602 | 2,745 | 5,040 |
| மடிப்பு, பின், கட்டிங் | 1,500 | 3,000 | 6,000 |
| மொத்தம் | 24,842 | 32,075 | 49,950 |
| பிரதிக்கு | 49.68 | 32.08 | 24.98 |

உள்தாள் எப்படி வந்தது என்று ஓர் இடத்தில் மட்டும் பிரித்துக் காட்டுகிறேன். 1,000 பிரதிக்கு ஒரு ஃபாரத்துக்கு 1,000 டெமித் தாள், 2 சதக் கழிவு 20, செட்டிங் கழிவு 50, மொத்தம் 1,070. ஆறு ஃபாரத்துக்கு 6,420 டெமி, அதாவது 3,210 பெரிய தாள். தாள் 3 ரூபாய் வீதம் 9,630.

இனி பட்டியலைக் குறுக்காகப் பாருங்கள். 500-இலிருந்து 1,000-க்குப் போக, கூடுதலாக ஆனது 7,233 ரூபாய். அந்தக் கூடுதல் 500 பிரதியில் ஒவ்வொன்றின் விலையும் பதினாலரை ரூபாய்க்குள்தான். 501-ஆவது பிரதிக்குப் பிளேட்டும் வேண்டாம், செட்டிங்கும் வேண்டாம். தாள், பின், கட்டிங் மட்டும் போதும். ஆயிரம் வரைக்கும் இந்த இதழின் முழுக் கணக்கையும் ஒரே வரியில் எழுதிவிடலாம்:

பிரதி விலை = 17,600 ÷ பிரதி எண்ணிக்கை + 14.50

17,600 என்பது வடிவமைப்பு, பிளேட், முதல் ஆயிரத்தின் கூலி, செட்டிங் கழிவு எல்லாம் சேர்ந்தது. எண்ணிக்கை ஏற ஏற முதல் பகுதி கரையும். இரண்டாம் பகுதி அசையாது. எத்தனை அடித்தாலும் இந்த இதழின் பிரதி விலை பதினாலரைக்குக் கீழே இறங்காது என்பதும் இதிலேயே தெரிகிறது.

## இன்னும் ஒரு நூறு சேர்த்துப் போடலாமா?

"எதற்கும் இருக்கட்டும், 1,100 போடுங்கள்" என்பது குழுக் கூட்டங்களில் சர்வ சாதாரணமாக விழும் வாக்கியம். கணக்கில் இது இரண்டாவது வேன். ஆயிரத்தைத் தாண்டியதும் 12 பிளேட்டுக்கு 200 வீதம் 2,400, அட்டைக்கு 1,000, ஆக 3,400 ரூபாய் கூலி ஏறுகிறது. தாளும் பின்னும் சேர்த்து அந்த 100 பிரதிக்கு ஏறத்தாழ 4,850 ரூபாய், ஒன்று 48.50. சராசரி விலையும் 32.08-இலிருந்து 33.57-க்கு ஏறிவிடும். 1,200-ஐ நெருங்கினால்தான் பழைய விலைக்குத் திரும்பும்.

எல்லா அச்சகமும் இவ்வளவு கறாராக இருப்பதில்லை. நூறு, இருநூறு கூடுதலுக்குக் கூலி கேட்காதவர்களும் உண்டு, ஓட்டத்துக்கு ஏற்பப் பிரித்துப் போடுகிறவர்களும் உண்டு. விலை கேட்கும்போது "1,000, 1,100, 1,500 மூன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள்" என்று கேட்டாலே படி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

## அடித்த பிரதியா, போய்ச் சேர்ந்த பிரதியா?

இரண்டாயிரம் அடித்தால் 24.98 என்கிறது பட்டியல். ஆனால் நம் இதழ் போய்ச் சேரும் இடம் 900-தான். மீதி 1,100 பிரதி சங்கச் செயலாளர் வீட்டுப் பரணில் கிடக்கும். 49,950-ஐ 900-ஆல் வகுத்தால் 55.50. ஆயிரம் அடித்திருந்தால் 32,075-ஐ 900-ஆல் வகுக்க, 35.64. சந்தா விலையைத் தீர்மானிக்கப் பயன்படுவது இந்த இரண்டாவது வகைக் கணக்குதான். அச்சகம் சொல்லும் பிரதி விலையைச் சந்தாவுக்கு அடிப்படையாக வைத்த சங்கங்கள், ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது எங்கே பணம் போனது என்று தேடுகின்றன.

கதைப்புத்தகம் என்றால் மீந்த பிரதியை அடுத்த புத்தகக் கண்காட்சியில் விற்கலாம். போன காலாண்டின் கூட்ட அறிவிப்பும் செய்திக் குறிப்பும் உள்ள இதழை யார் வாங்குவார்? அதனால் தேவையைவிட 5 முதல் 10 சதம் கூடுதலாக அடித்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். தபாலில் தொலைந்ததற்கு மறுபிரதி, புது உறுப்பினருக்கு ஒன்று, கோப்புக்குச் சில, இவ்வளவுக்கும் அது காணும்.

தேவை 350-க்கும் கீழே என்றால் ஆஃப்செட்டையே விட்டுவிட்டு டிஜிட்டல் அச்சை விசாரிக்க வேண்டும். அதில் பிளேட் கிடையாது. முதல் பிரதிக்கும் நூறாவது பிரதிக்கும் ஒரே விலை. இதே இதழ் டிஜிட்டலில் பிரதிக்கு 46 ரூபாய் என்று வைத்தால், வடிவமைப்பையும் சேர்த்து 300 பிரதிக்கு 19,800. ஆஃப்செட்டில் அதே 300-க்கு 21,947. நானூறு என்று வந்தால் ஆஃப்செட் 23,390, டிஜிட்டல் 24,400 என்று தராசு மறுபக்கம் சாயும்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது: நிலைச் செலவைப் பங்குபோடத்தான் எண்ணிக்கை, பங்கு வாங்க வாசகர் இல்லையென்றால் அந்தக் கணக்கு நிற்காது.

## தாளில் மிச்சம் பிடிக்க முடியுமா?

70 ஜி.எஸ்.எம்.முக்குப் பதில் 60 போட்டால் தாளின் எடை ஏழில் ஒரு பங்கு குறையும். கிலோ விலை அதே என்றால் செலவும் ஏழில் ஒரு பங்கு குறையும். 1,000 பிரதிக்கு 9,630-இல் 1,376 ரூபாய், பிரதிக்கு 1.38. மொத்த விலை 32.08-இல் இது 4 சதத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். 500 பிரதிக்கு இன்னும் கேவலம்: 49.68-இல் 1.44, மூன்று சதத்துக்கும் கீழே. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது பணம் பிளேட்டிலும் கூலியிலும் அடங்கியிருக்கிறது. தாளைச் சுரண்டி அங்கே ஒன்றும் எடுக்க முடியாது. 3,000 பிரதி என்றால் 4,000 ரூபாய் மிச்சமாகும், அப்போது யோசிக்கலாம்.

அந்த 1.38 ரூபாய்க்கு வாசகர் கொடுக்கும் விலை, பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் நிழலாகத் தெரிவது. தாளின் ஒளிமறைக்கும் தன்மை குறைந்தால் இப்படி ஆகும். தமிழ் எழுத்தில் சுழியும் கொக்கியும் அதிகம் என்பதால் நிழல் எழுத்து கண்ணை இன்னும் படுத்தும். கெட்டியான கறுப்புப் படம் பின்பக்கம் இருந்தால் கேட்கவே வேண்டாம். முடிவு செய்யுமுன் அச்சகத்தில் அந்தத் தாளிலேயே அடித்த வேறு வேலை ஒன்றை வாங்கி, ஒரு தாளை மட்டும் தூக்கி வைத்துப் படித்துப் பாருங்கள். அடுக்காக வைத்துப் பார்த்தால் எந்தத் தாளும் நன்றாகத்தான் தெரியும்.

எதிர்ப்பக்கமும் ஒரு ஆசை உண்டு: உள்ளேயும் பளபளப்பான ஆர்ட் பேப்பர் போட்டுவிடலாமே என்பது. 90 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பர் கிலோ 100 ரூபாய் என்றால் ஒரு தாள் 4.81, பிரதிக்கு ஏறத்தாழ 5.80 கூடும். வெறும் எழுத்துப் பக்கங்களுக்கு இது வீண், விளக்கு வெளிச்சம் பட்டுக் கண் கூசுவதுதான் மிச்சம். விழாப் படங்கள் அவசியம் என்றால் எட்டுப் பக்கங்களை மட்டும் ஒரே ஃபாரமாகத் திரட்டி, அதை மட்டும் நாலு வண்ணத்தில் ஆர்ட் பேப்பரில் அடிக்கலாம். படங்களை இதழ் முழுக்கத் தூவினால் எல்லா ஃபாரமும் நாலு வண்ணமாகி, 12 பிளேட் 48 ஆகும். பிளேட்டில் மட்டும் 9,000 ரூபாய் கூடும்.

அட்டையில் கவனிக்க வேண்டியது தாளின் இழை ஓடும் திசை. இழை முதுகுக்கு இணையாக இருந்தால் அட்டை சுத்தமாக மடியும். குறுக்காக இருந்தால் மடிப்பில் பூச்சு வெடித்து, மை உதிர்ந்து, வெள்ளைக் கோடு விழும். அடர்ந்த நிற அட்டையில் இது பளிச்சென்று தெரியும். நம் அளவில் முதுகு 23 அங்குலப் பக்கத்துக்கு இணையாக வரும். இழையும் அந்தத் திசையில் ஓடும் தாளாக இருக்க வேண்டும் என்று அச்சகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

## கேட்ட தாள்தான் வந்ததா?

விலைப் பட்டியல் வாங்கும்போது தாளின் பெயரும் ஜி.எஸ்.எம்.மும் எழுத்தில் இருக்கட்டும். தாள் விலை உட்பட்டதா, ஜி.எஸ்.டி. உள்ளேயா வெளியேயா, கழிவு எத்தனை தாள் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். இவை இல்லாமல் இரண்டு அச்சகங்களின் விலையை ஒப்பிட்டால் ஒருவர் தாளோடும் மற்றவர் தாளில்லாமலும் சொல்லியிருப்பார்.

வந்த இதழைச் சோதிக்க ஒரு தராசு போதும். அட்டையையும் பின்னையும் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் 24 தாளிதழ்களை மட்டும் நிறுத்துப் பாருங்கள். 8.5 × 11 அங்குலத்தில் 24 இதழ் சேர்ந்தால் 1.45 சதுர மீட்டர். 70 ஜி.எஸ்.எம். என்றால் 101 கிராம் காட்ட வேண்டும். ஆலையில் வரும் சிறு ஏற்ற இறக்கத்துக்காக மூன்று நாலு கிராம் விட்டுக்கொடுக்கலாம். 87 கிராம் காட்டினால் வந்திருப்பது 60 ஜி.எஸ்.எம். தாள்; ஆயிரம் பிரதிக்கு 1,376 ரூபாயைப் பில்லில் குறைக்கச் சொல்லிக் கேட்க அந்த எடையே போதும்.